பழைய ஜீன்ஸ், பழைய சட்டை, ஒரு கடைப்பை: வீடியோ பதினைந்து நிமிடம், வேலை நாலரை மணி நேரம்

(வீடியோவுக்கான எழுத்துப் பிரதி. அடைப்புக்குள் இருப்பது கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும், மற்றதெல்லாம் குரல்.)

[மேஜை மேல் ஒரு ஜீன்ஸ், ஒரு முழுக்கைச் சட்டை, பக்கத்தில் தைத்து முடித்த பை. திரையின் வலது மேல் மூலையில் 0:00 என்று ஒரு கடிகாரம். வீடியோ முடியும்வரை அது மறையக் கூடாது. எந்த இடத்தில் வெட்டி ஒட்டினாலும் உண்மையில் கடந்த நேரத்துக்கு அது தாவ வேண்டும்.]

ஒரு ஜீன்ஸ், ஒரு முழுக்கைச் சட்டை. இது ரெண்டும் இந்தப் பை ஆகும். முகப்பு 13 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம், அடி 4 இஞ்ச் அகலம். உள்ளே சட்டைத் துணியில லைனிங், ஒரு பாக்கெட். அஞ்சு கிலோ அரிசி வச்சுத் தூக்கலாம்.

மிஷின் ஓட்டத் தெரியும், ஆனா பை தைச்சுப் பழக்கமில்லைன்னா இதுக்கு நாலரை மணி நேரம் ஆகும். பழகின கைக்கு ரெண்டரை மணி நேரம். துணியைத் துவைச்சுக் காய வைக்கிறது இந்தக் கணக்குல இல்லை. மூலையில இருக்கிற கடிகாரம் அந்த நாலரை மணி நேரத்தைத்தான் காட்டப் போகுது.

அந்த நேரம் தையல்ல போறதில்லை. இந்தப் பையில இருக்கிற எல்லாத் தையலையும் நீளமாப் போட்டா சுமார் 320 இஞ்ச் வரும். இஞ்சுக்கு 8 தையல்னு வச்சா ரெண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். மெதுவா மிதிச்சாலும் மிஷின்ல நிமிஷத்துக்கு 200 தையல் விழும். அப்போ ஊசி ஓடுற நேரம் கால் மணிக்கும் குறைவு. மீதி நாலேகால் மணி நேரமும் வெட்டுறது, அயர்ன் பண்றது, அளக்கிறது, குண்டூசி குத்துறது, தப்பாப் போனதைப் பிரிக்கிறதுன்னு போகும். அந்த வேலைகளைத்தான் இதுல ஓட்டி விடாமக் காட்டப் போறோம்.

[ஜீன்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டவும். உள்தொடைப் பகுதிக்கு நெருக்கமாகப் போகவும்.]

முதல்ல துணியைப் பாருங்க. ஜீன்ஸ் பெரும்பாலும் உள்தொடையிலதான் தேயும், நடக்கும்போது ரெண்டு தொடையும் உரசுற இடம். அடுத்தது முழங்கால். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா நல்ல இடம் இருட்டா இருக்கும், தேய்ஞ்ச இடத்துல வெளிச்சம் புள்ளி புள்ளியாக் கசியும். கசியுற இடத்தைச் சாக்பீஸால சுத்திக் கோடு போடுங்க. அந்தத் துணி பையில எங்கே வந்தாலும் அங்கேதான் முதல்ல கிழியும்.

அடுத்து, ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸான்னு பார்க்கணும். காலோட குறுக்குவாக்குல 4 இஞ்ச் துணியை ரெண்டு கையால பிடிச்சு இழுங்க. அரை இஞ்சுக்கு மேல நீண்டா அது இந்தப் பைக்கு வேண்டாம். நீட்சி நூல் ஊடையில, அதாவது குறுக்கே ஓடுற நூல்ல இருக்கும். பையில பாரம் ஏறினதும் வெளித்துணி தொங்கும், சட்டைத் துணிக்கு நீட்சி கிடையாது, பாரம் முழுக்க லைனிங்ல இறங்கி அது கிழியும். கொஞ்சமா நீளுற ஜீன்ஸ்னா தைக்கலாம். ஆனா கைப்பிடிக்கு வெட்டுறப்போ கால் நீளவாக்குலதான் வெட்டணும். குறுக்கே வெட்டின கைப்பிடி நாளாக நாளாக நீண்டு தொங்கும்.

நாம எடுத்திருக்கிறது 34 இடுப்பு, நேர்க்கால் ஜீன்ஸ். சட்டை 42 சைஸ், பருத்தி.

[கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உள்கால் தையலுக்கு நெருக்கமான காட்சி.]

உள்கால் தையலைப் பாருங்க. துணி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு, மேலே ரெண்டு வரிசை தையல் ஓடியிருக்கு. இதைப் பிரிக்க உட்காராதீங்க. ஒரு காலுக்கே முக்கால் மணி நேரம் போயிடும், பிரிச்சு முடிச்சாக் கிடைக்கிறது அரை இஞ்ச் துணி, அதுவும் மடிப்புல வெளுத்துப்போன துணி. தையலை ஒட்டி ரெண்டு பக்கமும் கத்தரிக்கோலால வெட்டி, அந்த நாடாவை அப்படியே எடுத்துடுங்க. கவட்டைக்குக் கீழே காலைக் குறுக்கே வெட்டிப் பிரிச்சுக்குங்க. வெளிக்கால் தையல் அப்படியே இருக்கட்டும். விரிச்சா ஒவ்வொரு காலும் ஒரு பெரிய துண்டு. தொடைப் பக்கம் 23, 24 இஞ்ச் அகலம், முழங்கால் பக்கம் 18, கீழே இன்னும் குறுகல்.

சட்டையில முதல்ல பாக்கெட்டைப் பிரிச்சு எடுங்க. பாக்கெட் நெஞ்சுக்கு நேரே இருக்கும். லைனிங் துண்டு கைக்குழிக்குக் கீழேதான் தொடங்கும். பிரிக்காம விட்டா பாக்கெட் பாதியில வெட்டுப்படும். பட்டனையெல்லாம் வெட்டி எடுத்து வையுங்க. பிறகு பட்டன் பட்டி, காஜா பட்டி ரெண்டையும், பட்டித் தையலுக்கு அரை இஞ்ச் தள்ளி, மேலிருந்து கீழ்வரை நீளமா வெட்டி எடுங்க. இதைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. துணி ஏற்கெனவே மடிச்சுத் தைச்ச பட்டி இது, சில சட்டையில உள்ளே மெல்லிசாக் கேன்வாஸும் வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணும் 26, 27 இஞ்ச் நீளம் வரும். கைப்பிடிக்கு முதுகெலும்பு இதுதான்.

கைப்பிடிக்கு ஜீன்ஸோட இடுப்புப் பட்டியையே எடுக்கலாமேன்னு தோணும். 34 இடுப்புல பட்டன் முனையும் காஜா முனையும் போக ரெண்டா வெட்டினா ஒவ்வொண்ணும் 16 இஞ்ச்தான் தேறும். பையில தைச்சது போக உள்ளங்கை நுழையும், முழங்கை நுழையாது. அதோட தடிமன் அதிகம். பையோட சேர்த்துத் தைக்கிற இடத்துல வீட்டு மிஷின் திணறும்.

[கடிகாரம் 0:35. அயர்ன் பெட்டி. தண்ணீர் தெளித்து ஒரு காலை முழுதாகத் தேய்ப்பதை வெட்டாமல் காட்டவும்.]

எல்லாத் துண்டையும் லேசா ஈரமாக்கி அயர்ன் பண்ணுங்க, 20 நிமிஷம். வருஷக்கணக்கா உடம்புல இருந்த துணிக்கு முழங்கால்ல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தட்டையாக்காம அளந்தா, வெட்டுறப்போ 18 இஞ்ச்னு தெரிஞ்சது தைக்கிறப்போ 17½ ஆயிடும். ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது, மிஷின்ல போட்டதும் ஒரு பக்கம் சுருங்கி நிக்கும்.

[கடிகாரம் 0:55. அளவெடுத்தல். கேமரா மேலிருந்து.]

இப்போ வெட்டுற அளவு. இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா எந்த ஜீன்ஸுக்கும் மாத்திக்கலாம். வெட்டுற அகலம் = முகப்பு அகலம் + அடி அகலம் + 1 இஞ்ச். வெட்டுற உயரம் = பை உயரம் + அடியில பாதி + 1 இஞ்ச். அந்த 1 இஞ்ச், ரெண்டு ஓரத்துக்கும் அரை அரை இஞ்ச் தையல் விடுறது. நம்ம பைக்கு 13ம் 4ம் 1ம் சேர்த்து 18 இஞ்ச் அகலம்; 14ம் 2ம் 1ம் சேர்த்து 17 இஞ்ச் உயரம். உங்க ஜீன்ஸ் ஒட்டின கால் வகையா இருந்து முழங்கால் பக்கம் 15தான் கிடைச்சா, அடியை 3 ஆக்குங்க. முகப்பு 11 வரும். சின்னப் பை, ஆனா நிக்கும்.

18க்கு 17 செவ்வகத்தை எங்கே வைக்கிறதுங்கிறதுலதான் பையோட ஆயுள் இருக்கு. தொடைப் பக்கம் 24 இஞ்ச் இருக்கு, நமக்கு வேண்டியது 18. ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு இஞ்ச் போயிடும். உள்தொடை தேய்ஞ்ச துணி அந்த ஓரத்துலதான் இருக்கு, அதோட போயிடும். முழங்கால் பக்கம் ஓரம் ஏதும் மிச்சமில்லை, வெளுத்த துணியும் துண்டுக்குள்ளயே வரும். அதனால தொடைப் பக்கம் பைக்கு அடி, முழங்கால் பக்கம் பைக்கு வாய். பாரம் உட்கார்ற அடியில கெட்டித் துணி இருக்கும்.

[வெளிக்கால் தையலின் மேல் டேப்பை வைத்து இரு பக்கமும் அளந்து காட்டவும்.]

இங்கே கவனம். வெளிக்கால் தையல் துண்டோட நடுவுல ஓடுற மாதிரி தெரியும். உண்மையில நடுவுல ஓடாது. ஜீன்ஸ்ல முன்கால் துணி பின்கால் துணியைவிடக் குறுகலா வெட்டியிருப்பாங்க. அதனால தையல் அரை முக்கால் இஞ்ச் ஒரு பக்கம் தள்ளியே வரும். தையலை நடுன்னு நம்பிக் கைப்பிடி வச்சா பை கோணலாத் தொங்கும், தூக்கிப் பார்க்கிறவரை ஏன்னு புரியாது. டேப் வச்சு 9 இஞ்ச்ல நடுவைக் குறிங்க. வெளியே தெரியாம இருக்க சாக்பீஸ் கோடு உள்பக்கம் மட்டும்.

வெளித்துணி ரெண்டு துண்டுலயும் கீழ் மூலை ரெண்டுலயும் 2 இஞ்ச் சதுரம் வெட்டி எடுத்துடுங்க. அடி அகலத்துல பாதி, அதான் சதுரத்தோட அளவு.

முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கிற 14 இஞ்ச் நீளத் துணியில கைப்பிடி. ஒவ்வொரு கால்லயும் வெளிக்கால் தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா, நீளவாக்குல, இரண்டேகால் இஞ்ச் அகலப் பட்டை. மொத்தம் நாலு பட்டை.

லைனிங்குக்குச் சட்டையோட முதுகுத் துண்டுல 18 அகலம், 16½ உயரம். வெளித்துணியைவிட அரை இஞ்ச் உயரம் கம்மி. ரெண்டையும் ஒரே அளவுல வெட்டினா லைனிங் உள்ளே தொளதொளன்னு கிடக்கும், சாவி எடுக்கக் கை விட்டா துணியும் சேர்ந்து வெளியே வரும். முன்பக்கம் ரெண்டு பாதியா இருக்கு. நடுவுல சேர்த்துத் தைச்சு, அப்புறம் அதே அளவுக்கு வெட்டுங்க. சட்டைக்குக் கீழ் ஓரம் வளைவா இருக்கு, மூலையில துணி பத்தலைன்னு கவலை வேண்டாம். அந்த மூலையிலதான் 2 இஞ்ச் சதுரம் எப்படியும் போகப் போகுது.

[கடிகாரம் 1:35. மிஷின். ஊசியை மாற்றுவதைக் காட்டவும்.]

சட்டை தைக்கிற 11ம் நம்பர், 14ம் நம்பர் ஊசியோட ஜீன்ஸ்ல இறங்காதீங்க. 16ம் நம்பர் புது ஊசி போடுங்க. 18 இருந்தா தடிமனான இடத்துக்கு அதை மாத்திக்கலாம். மேல் நூலும் பாபின் நூலும் ஒரே வகைப் பாலியஸ்டர் நூலா இருக்கட்டும். கையால இழுத்தாலே பட்டுன்னு போற பழைய நூல்கண்டு, பையில போடுற பாரத்துக்கு நிக்காது. தையல் அளவை இஞ்சுக்கு 8ன்னு பெரிசாக்குங்க. தடிமனான துணியில பொடித் தையல் போட்டா ஊசித்துளை நெருங்கி, துணி அந்தக் கோட்டுல கிழியுறதுக்கு வழி ஆயிடும். ஜீன்ஸ் துண்டு ரெண்டை மடிச்சு நாலு அடுக்கா ஓட்டிப் பாருங்க. அடியில நூல் வளையம் வளையமா நின்னா மேல் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்கணும்.

கைப்பிடியில தொடங்குவோம். இந்தப் பையில அதிக நேரம் கேட்கிறது இதுதான், 50 நிமிஷம். 14 இஞ்ச் பட்டை ரெண்டைச் சேர்த்தாத்தான் ஒரு கைப்பிடி. நேரா வச்சு ஒட்டுப் போட்டா, தையல் விட்ட துணி மொத்தமும் ஒரே கோட்டுல குவியும், கையில உறுத்தும், ஊசியும் தாண்டாது. கிராஸா ஒட்டுங்க. ஒரு பட்டையை நேரா வச்சு, அதன் முனை மேல இன்னொண்ணைக் குறுக்கா, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்ற மாதிரி வையுங்க. ரெண்டும் சந்திக்கிற சதுரத்துல மூலைக்கு மூலை தையல். கால் இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டிட்டு, தையலை விரிச்சு அயர்ன். இதுல பட்டையோட அகலம் அளவுக்கு நீளம் போகும், 28ல இரண்டேகால் கழிஞ்சு 25¾. அதை 25ன்னு ஒழுங்காக்கிக்குங்க.

[கிராஸ் ஒட்டை நெருக்கமாகக் காட்டவும். முதலில் நேர் ஒட்டு, அடுத்து கிராஸ் ஒட்டு, இரண்டையும் பக்கவாட்டில் வைத்து மேடு தெரியும்படி.]

பட்டையோட ரெண்டு ஓரத்தையும் அரை அரை இஞ்ச் உள்ளே மடிச்சு அயர்ன் பண்ணினா ஒண்ணேகால் இஞ்ச் அகலம் நிக்கும். இதன் முதுகுல சட்டைப் பட்டியை வையுங்க. அதுல ஒரு ஓரம் ஏற்கெனவே மடிஞ்சிருக்கு; வெட்டின ஓரத்தை மட்டும் உள்ளே மடிக்கணும். சட்டைப் பட்டி உங்க சட்டையில அகலம் கூடக் குறைய இருந்தா, ஜீன்ஸ் பட்டையை அதுக்குத் தக்கபடி மாத்துங்க. ரெண்டு ஓரத்துலயும் விளிம்பை ஒட்டி ஒவ்வொரு தையல்.

ஏன் இப்படின்னா, ஜீன்ஸ் பட்டையில நடுவுல ஒட்டு இருக்கு, சட்டைப் பட்டியில ஒட்டே கிடையாது. முனைக்கு முனை ஒரே துணி. ஒட்டு விட்டாலும் பாரத்தை அது பிடிச்சுக்கும். கையில படுறதும் மெத்துன்னு இருக்கும். ஜீன்ஸையே நாலா மடிச்சுத் தைக்கிறதைவிட மிஷினுக்கும் சுளுவு. காஜா ஓட்டை அடிப்பக்கம் தெரியும். ஓட்டை நீளவாக்குல இருக்கிறதால பலம் குறையாது. ஆனா கைப்பிடியோட முனை ஒன்றரை இஞ்சுக்குள்ள ஓட்டை வராத மாதிரி பட்டியைத் தள்ளி வச்சுக்குங்க. அங்கேதான் கெட்டித் தையல் விழப் போகுது.

[கடிகாரம் 2:25.]

வெளிப்பை. நல்ல பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி ரெண்டு துண்டையும் சேர்த்து, ரெண்டு பக்கமும் அடியும் அரை இஞ்ச் விட்டுத் தைங்க. வெட்டின சதுரத்தை இப்போ தொடாதீங்க. தொடக்கத்துலயும் முடிவுலயும் முன்னும் பின்னும் மூணு தையல்.

அடியைத் தைக்கும்போது ஒரு மேடு வரும். இடது கால், வலது கால் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம். அதனால முகத்துக்கு முகம் வச்சதும் ரெண்டு வெளிக்கால் தையலும் நேருக்கு நேர் வந்து உட்காரும். ஒரு துண்டுல தையல் விட்டதை இடப்பக்கம், இன்னொண்ணுல வலப்பக்கம் சாய்ச்சு அயர்ன் பண்ணுங்க, தடிமன் ரெண்டு இடமாப் பிரியும். பிறகு ஒரு மரக்கட்டை மேல வச்சுச் சுத்தியலால நாலு தட்டு. துணி நசுங்கும், நூல் அறுந்துடாது.

[மேட்டில் பிரஷர் ஃபுட் சாய்வதைப் பக்கவாட்டில் இருந்து, மிக நெருக்கமாக. இந்தக் காட்சியை வேகம் குறைத்துக் காட்டவும்.]

மேட்டுல ஏறும்போது பிரஷர் ஃபுட்டைப் பாருங்க, மூக்கு மேலே தூக்கிக்குது. அது துணியைச் சமமா அழுத்தலைன்னா ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும். அடியில நூல் வளையம் உருவாகாது, ஷட்டிலுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது, தையல் விட்டுப்போகும். மேடு தாண்டினதும் திருப்பிப் பார்த்தா நாலஞ்சு தையல் நீளத்துக்கு நூல் சும்மா கிடக்கும். இதுக்கு மருந்து சின்னது. மேட்டுக்கு முன்னால நிறுத்தி, ஊசியைத் துணிக்குள்ள இறக்கி, ஃபுட்டைத் தூக்குங்க. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு தடிமனா ஒரு ஜீன்ஸ் துண்டை மடிச்சு ஃபுட்டோட பின்பக்கம் சொருகி இறக்குங்க. ஃபுட் மட்டமா நிக்கும். மேட்டை மட்டும் மிதிக்காம, சக்கரத்தைக் கையால சுத்தித் தாண்டுங்க. ஊசி போக மறுக்குதேன்னு துணியைப் பின்னாலிருந்து இழுத்தா ஊசி வளைஞ்சு தகட்டுல மோதி ஒடியும். பெரும்பாலான ஊசி ஒடியுறது தடிமனால இல்லை, இந்த இழுப்பாலதான்.

இப்போ மூலை. சதுரம் வெட்டின ஓட்டையைப் பிடிச்சு, பக்கத்துத் தையலும் அடித் தையலும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி இழுத்துத் தட்டையாக்குங்க. நேர்கோடு ஆயிடும். அரை இஞ்ச் விட்டுத் தைங்க, ரெண்டு தடவை. ரெண்டு மூலையும் முடிஞ்சதும் பை பெட்டி மாதிரி நிக்கும்.

[கடிகாரம் 2:55.]

லைனிங் இதே மாதிரிதான். தையலை இஞ்சுக்கு 10, 12ன்னு பொடிசாக்கி, ஊசியை 14க்கு மாத்துங்க. முதல்ல பாக்கெட்டை முதுகுத் துண்டுல, மேல் ஓரத்திலிருந்து 3 இஞ்ச் கீழே தைச்சுடுங்க. பை மூடினப்புறம் அதுக்கு வழியில்லை. அதுக்கே 15 நிமிஷம். பாக்கெட் வேண்டாம்னா அந்த நேரம் மிச்சம். அடித் தையல்ல நடுவுல 6 இஞ்ச் தைக்காம விடுங்க, பையைத் திருப்ப. சட்டைத் துணிப் பைக்கு 4 இஞ்ச் போதும். ஜீன்ஸ் அதுக்குள்ள நுழையாது, இழுக்கிற இழுப்புல வழியோட ரெண்டு முனையிலயும் லைனிங் கிழியும்.

[கடிகாரம் 3:30. வெளிப்பை, கைப்பிடி, லைனிங் மூன்றும் சேர்வது. இந்த இடத்தில் மட்டும் இரண்டு கோணத்தில் காட்டவும்.]

வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே இருக்கிற மாதிரி திருப்புங்க. வாயில குறிச்ச நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்ச் அளந்து, அங்கே கைப்பிடியோட ஒவ்வொரு முனையையும் வையுங்க. கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கணும், அதன் ஜீன்ஸ் பக்கம் பையோட ஜீன்ஸைத் தொடணும், முறுக்கு இருக்கக் கூடாது. முனை பையோட வாய்க்கு மேலே 1 இஞ்ச் நீட்டிக்கிட்டு நிக்கணும். பெரும்பாலும் வாய் ஓரத்தோடு சமமா வச்சுத் தைச்சிடுறாங்க. அப்படித் தைச்சாக் கைப்பிடி பிடிச்சிருக்கிறது அரை இஞ்ச் துணியும் ஒரே கோட்டுத் தையலும்தான். பழைய துணிப் பை உயிரை விடுறது பெரும்பாலும் இந்தக் கோட்டுலதான்.

லைனிங்கை உள்பக்கம் வெளியே இருக்கிற மாதிரி வச்சு, வெளிப்பையை அதுக்குள்ள இறக்குங்க. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கும், நடுவுல கைப்பிடி. பக்கத் தையல் ரெண்டும் பொருந்துதான்னு முதல்ல அங்கே ரெண்டு கிளிப். இந்தத் தடிமனுக்குக் குண்டூசி வளையும், துணி காயப்போடுற கிளிப்பே நல்லா நிக்கும். வாயைச் சுத்தி அரை இஞ்ச் விட்டுத் தைங்க. கைப்பிடி வர்ற நாலு இடத்துலயும் முன்னும் பின்னும் ஓட்டுங்க. லைனிங் வாய் ஒரு கால் இஞ்ச் பெரிசா வந்தா பயப்பட வேண்டாம், லைனிங்கை அடிப்பக்கம் வச்சுத் தைச்சா மிஷினோட பல்லு அதை இழுத்துச் சமமாக்கிக்கும்.

அடியில விட்ட வழியால கையை விட்டு முழுப் பையையும் வெளியே இழுங்க. மெதுவா, ஒரு மூலையா. பிறகு அந்த வழியை ஓரத்தை உள்ளே மடிச்சு மூடித் தைச்சிடுங்க.

[கடிகாரம் 4:05. வாய் ஓரத்தை அயர்ன் செய்து, பெட்டித் தையல்.]

வாயை விரலால நல்லா மடிச்சு எடுத்து அயர்ன் பண்ணிட்டு, 18ம் நம்பர் ஊசி இருந்தா மாத்தி, விளிம்பிலிருந்து கால் இஞ்ச்ல சுத்தி ஒரு மேல் தையல். இது அழகுக்கு மட்டுமில்லை. இல்லைன்னா லைனிங் கொஞ்சம் கொஞ்சமா வெளியே எட்டிப் பார்க்கும்.

நீட்டி விட்ட முனை இப்போ லைனிங்குக்கும் ஜீன்ஸுக்கும் நடுவுல ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு இறங்கியிருக்கு. தொட்டுப் பார்த்தாத் தெரியும். அது மேல 1 இஞ்ச் சதுரமா ஒரு பெட்டித் தையல், பெட்டிக்குள்ள குறுக்கா எக்ஸ். நாலு முனைக்கும். இனி பாரம் ஒரு கோட்டுல விழாது, ஒரு சதுர இஞ்ச் துணி முழுக்கப் பரவும். இங்கே அடுக்கு அதிகம், முழுக்கச் சக்கரத்தைக் கையால சுத்தியே தைச்சாலும் தப்பில்லை. மிஷின் ரொம்ப முரண்டு பிடிச்சா, கோணி ஊசியும் தடிமனான நூலும் வச்சுக் கையாலேயே இந்த நாலு பெட்டியையும் போடுங்க. ஒரு பெட்டிக்கு எட்டு நிமிஷம்.

[கடிகாரம் 4:30-இல் நிற்கிறது. அதற்குக் கீழே எழுத்தில்: பிரித்தல் 35, அயர்ன் 20, அளவும் வெட்டும் 40, கைப்பிடி 50, வெளிப்பை 30, லைனிங் 35, சேர்த்தல் 35, மேல் தையல் 25.]

மிஷின் இல்லாதவங்க முழுக்கக் கையால தைக்கலாமான்னு கேட்பீங்க. தைக்கலாம். பின்தையல் போட்டா ஜீன்ஸ்ல நிமிஷத்துக்கு ஒரு இஞ்ச் போறதே பெரிசு. 320 இஞ்சுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல தையல் மட்டும், வெட்டுறதும் அயர்னும் தனி. விரல் உறை இல்லாம இறங்காதீங்க. லைனிங்கை விட்டுட்டு, வெளித்துணிக்கு மட்டும் ஓரத்தை மடிச்சுத் தைச்சா நூறு இஞ்சுக்கு மேல குறையும். கைத்தையல்காரங்களுக்கு அதுதான் நியாயமான வேலை.

[பையை ஒரு கொக்கியில் மாட்டி, அரிசிப் பையை உள்ளே இறக்கவும்.]

பை முடிஞ்சதும் 5 கிலோ அரிசியை வச்சு ஒரு கொக்கியில ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. இறக்கினதும் நாலு பெட்டித் தையலையும் லைனிங் பக்கம் பாருங்க. ஊசித்துளை நீளமா இழுபட்டிருந்தா அங்கே சட்டைத் துணி தாங்கலைன்னு அர்த்தம். 2 இஞ்ச் ஜீன்ஸ் துண்டை உள்ளே வச்சு இன்னொரு பெட்டி போடுங்க. அடி மூலையில வெளிச்சம் தெரிஞ்சா அங்கே தையல் விட்டுப்போயிருக்கு, அதை இப்பவே மேலே ஓட்டிடுங்க.

இந்தப் பை வெறுமையாவே கால் கிலோ வரும். மடிச்சுச் சட்டைப் பையில வைக்க முடியாது, நனைஞ்சா மழைக்காலத்துல காய ரெண்டு நாள் ஆகும். காய்கறிக்கும் மளிகைக்கும் நல்லது. மீனுக்கும் இறைச்சிக்கும் வேண்டாம். கைப்பையில மடிச்சு வச்சிருக்க ஒரு பை வேணும்னா, ஜீன்ஸை விட்டுட்டு முழுக்கச் சட்டைத் துணியில லைனிங் இல்லாமத் தைக்கிறதுதான் சரி, ஒன்றரை மணி நேர வேலை, ரெண்டு மூணு கிலோ தாங்கும்.

துவைக்கும்போது முதல் ரெண்டு தடவை தனியா ஊற வையுங்க, சில ஜீன்ஸ் பல வருஷத்துக்கு அப்புறமும் சாயம் விடும். நாளாக நாளாக முதல்ல போறது லைனிங்கோட அடி மூலைதான், டப்பா முனை குத்துற இடம். அப்போ முழுப் பையையும் பிரிக்காதீங்க. திருப்புறதுக்கு விட்டு மூடின அந்த 6 இஞ்ச் தையலை மட்டும் பிரிச்சு, மூலையை வெளியே இழுத்து, சட்டைக் கையில மிச்சமிருக்கிற துணியை ஒட்டுப் போட்டு, மறுபடி மூடித் தைச்சிடலாம். சட்டைக் கை ரெண்டையும் அதுக்காக எடுத்து வையுங்க.